கவட்டைக்குள் வலி: ஓடுகிறவர்கள் எங்கே தொடங்குவது

பைக்கில் ஏற காலைத் தூக்கிப் போடும்போது கவட்டைக்குள் சுருக்கென்று பிடிக்கிறதா, ஆனால் ஓட ஆரம்பித்து பத்து நிமிடத்தில் அது காணாமல் போய்விடுகிறதா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான். எனக்கு நாலு மாதம் இருந்தது. அதில் முதல் இரண்டு மாதம் நானே இழுத்து வைத்துக்கொண்டது.

நான் பாளையங்கோட்டையில் வாரம் நாலு நாள் ஓடுகிறவன், மொத்தம் 25 கிலோமீட்டர் வரும். கார்த்திகையில் மழை விட்டதும் ஒரே வாரத்தில் இரண்டு காரியம் செய்தேன். செவ்வாய்க்கிழமை அண்ணா ஸ்டேடியத்தில் 400 மீட்டர் வேக ஓட்டம் எட்டு சுற்று சேர்த்தேன், ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தை 10-லிருந்து 15 கிலோமீட்டராக்கினேன். மூன்றாவது வாரம் வலது கவட்டை பிடித்துக்கொண்டது. தொடையின் உள்பக்கத் தசைகள் காலை உள்ளே இழுக்க மட்டும் இல்லை, ஒவ்வொரு முறை ஒற்றைக் காலில் இறங்கும்போதும் இடுப்பு சாயாமல் பிடிக்க அவையும் உதவுகின்றன. வேகம் கூடினால் அவற்றின் பாடும் கூடும். வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கூட்டினால் முதலில் முனகுவது, அந்தத் தசை இடுப்பெலும்பில் ஒட்டியிருக்கும் தசைநார்.

முதலில், விரலை வையுங்கள்

மல்லாந்து படுத்து, வலிக்கிற இடத்தை ஒற்றை விரலால் தொட்டுப் பாருங்கள். தொடையின் உள்பக்கம், மேலே எலும்போடு சேருகிற இடத்தில் கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படும். அதை அமுக்கும்போது "இதுதான்" என்று தெரிந்தால் பெரும்பாலும் நான் சொல்கிற வலிதான். விரலால் காட்ட முடியாமல், தொடை மடிப்புக்கு முன்னால் ஆழத்தில் எங்கேயோ வலித்தால் அது இடுப்பு மூட்டாக இருக்கலாம். இருமினால் புடைக்கிற வீக்கம் இருந்தால் குடலிறக்கமா என்று மருத்துவரிடம் பார்க்க வேண்டும். விதைப்பையில் திடீரென்று கடும் வலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஓட ஓட வலி குறையாமல் கூடுகிறது, நொண்ட வைக்கிறது, ராத்திரி படுத்தாலும் வலிக்கிறது என்றால் தொடை எலும்பின் கழுத்திலோ இடுப்பெலும்பிலோ மயிரிழை விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்பதை நம்பித் திரும்ப ஓடக் கூடாது. தொடை எலும்பின் கழுத்து முழுதாக முறிந்தால் அறுவை சிகிச்சை வரை போகும்.

பந்து சோதனை

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள், பாதம் தரையில் இருக்கட்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு பந்தை வைத்து, ஐந்து நொடி மெதுவாகக் கூட்டிக்கூட்டி நன்றாக அழுத்துங்கள். வலிக்கு பத்துக்கு எத்தனை என்று ஒரு எண் கொடுங்கள். 2 வரை என்றால் ஓடலாம். 3 முதல் 5 என்றால் குறைத்து ஓட வேண்டும். 6-ஓ அதற்கு மேலோ என்றால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. தினமும் காலையில் எழுந்ததும், அதே பந்து, அதே நிலை. சிலர் போர்வையைச் சுருட்டி வைக்கச் சொல்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் தடியாகவும் ஒரு நாள் மெலிசாகவும் சுருட்டினால் எண்ணும் மாறிப்போகும். காற்று கொஞ்சம் இறங்கின பழைய வாலிபால் போதும்.

நான் சறுக்கின இடம்: நீட்டுவது

கவட்டை இறுகின மாதிரி இருந்ததால் "நரம்பு இழுத்திருக்கு, நீட்டினால் சரியாகிவிடும்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் காலையும் மாலையும் இரண்டு பாதத்தையும் சேர்த்து உட்கார்ந்து, முழங்காலைத் தரைவரை அமுக்கினேன். அமுக்கின அரை மணி நேரம் நன்றாக இருக்கும். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது முந்தின நாளைவிட மோசமாக இருக்கும். மேலே தைலம் வேறு. இப்படியே இரண்டு மாதம் போனது.

கடைசியில் வண்ணார்பேட்டையில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். பந்தை அழுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சார், தசை இறுகலை, பலம் பத்தாம புடிச்சுக்கிட்டு இருக்கு. இனிமே நீட்டாதீங்க, அழுத்துங்க" என்றார். நோகிற தசைநாரை எலும்போடு ஒட்டின இடத்தில் இழுத்து இழுத்து வைத்தால் அது இன்னும் நோகும். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால்தான் தாங்கப் பழகும். டென்மார்க்கில் நாள்பட்ட கவட்டை வலி இருந்த விளையாட்டு வீரர்களிடம் செய்து 1999-ல் வெளியான ஆய்விலும் இதுதான் தெரிந்தது. மசாஜ், மின்சிகிச்சை, நீட்டுதல் என்று இருந்தவர்களைவிட பலப்பயிற்சி செய்தவர்கள் மிக அதிகமாகக் குணமானார்கள்.

நான் செய்தது: சோதனைக்கு வைத்த அதே பந்தை 30 நொடி அழுத்திப் பிடிப்பது, பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். வலி 2-ஐத் தாண்டாத அளவுக்கு அழுத்தினால் போதும். மூன்று வாரம் கழித்து, ஒருக்களித்துப் படுத்து கீழ்க்காலை மட்டும் தூக்கி இறக்குவது. ஆறாவது வாரம், மேல் முழங்காலை ஒரு பெஞ்சில் வைத்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்குவது, பக்கத்துக்கு ஐந்து. இந்தக் கடைசிப் பயிற்சியை முதல் வாரமே செய்யாதீர்கள், அடுத்த நாள் நடக்கவே கஷ்டமாக இருக்கும்.

ஓட்டத்தில் என்ன மாற்றினேன்

முழுதாக நிறுத்தவில்லை. முதலில் எடுத்தது வேகத்தை, தூரத்தை அப்புறம்தான். 400 மீட்டர் சுற்றுகள் அறவே கிடையாது. 25 கிலோமீட்டரை 14 ஆக்கினேன், மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. அடியைக் கொஞ்சம் குறுக்கி வைத்தேன். ஆற்றங்கரை மணலிலும் வாய்க்கால் வரப்பிலும் ஓடுவதை விட்டேன், கால் பக்கவாட்டில் வழுக்கும்போது இந்தத் தசைதான் வெடுக்கென்று பிடிக்கிறது.

ஓடும்போது வலிக்கவில்லை என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், சூடானதும் இந்த வலி ஒளிந்துகொள்ளும். மறுநாள் காலைப் பந்து எண்தான் கணக்கு. ஒரு புதன்கிழமை 5 கிலோமீட்டர் சுகமாக ஓடினேன், வியாழன் காலை எண் 2-லிருந்து 4 ஆனது. அடுத்த ஓட்டத்தை 3 கிலோமீட்டராகக் குறைத்தேன், சனிக்கிழமை திரும்ப 2. எண் இரண்டு வாரம் தொடர்ந்து 2-க்குள் நின்ற பிறகு தூரத்தைக் கூட்டினேன், தூரம் பழைய அளவுக்கு வந்த பிறகே வேகம், அதுவும் 100 மீட்டர் நாலு தடவை, முக்கால் வேகத்தில். பழையபடி எட்டு சுற்றுக்கு வர, பயிற்சி தொடங்கினதிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆனது.

பின்சேர்க்கை 1: காவலர் தேர்வுக்குத் தயாராகிற ஒரு தம்பி, மூன்று வாரத்தில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், என்ன செய்ய என்று கேட்டிருந்தார். தம்பி, தினமும் 1500-ஐ முழு வேகத்தில் ஓடிப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். காலை எண் 5-க்குள் இருந்தால் வாரம் மூன்று நாள் மெது ஓட்டம், மற்ற நாள் சைக்கிள், கூடவே பந்து. எண் 2-க்குள் வந்தால் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை 300 மீட்டர் மூன்று, தேர்வு வேகத்தில், அதாவது ஒவ்வொன்றும் 84 நொடி. எண் 6-ஐ விட்டு இறங்கவே இல்லை என்றால் மூன்று வாரத்தில் சரியாகாது, மருத்துவரைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: இன்னொருவர் பந்து வைத்து அழுத்தினால் வலியே இல்லை, ஆனால் கவட்டையில் தொட்டால் வலிக்கிற ஒரு கட்டி இருக்கிறது என்று எழுதினார். விசாரித்தால், செருப்பில்லாமல் நடந்து பாதத்தில் முள் குத்தி சீழ் பிடித்திருக்கிறது. அது நெறி கட்டியது, தசை வலி இல்லை. பாதத்துப் புண்ணுக்கு மருந்து எடுத்ததும் கட்டி இறங்கிவிட்டதாம். கட்டி தட்டுப்பட்டால் பந்தை எடுப்பதற்கு முன்னால் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். புண் எதுவும் இல்லாமல் கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.