வீட்டில் போட்டு முடித்த ஊசியை எங்கே போடுவது? துணி துவைக்கும் லிக்விட் பாட்டில் போதும்

அம்மா இன்சுலின் போட ஆரம்பித்த முதல் மாதம், கழற்றிய ஊசிகளை எல்லாம் ஒரு காலி தண்ணீர் பாட்டிலில்தான் போட்டுக்கொண்டிருந்தோம். பிளாஸ்டிக் பாட்டில்தானே, மூடியும் இருக்கிறதே என்று நினைத்தோம். ஒருநாள் குப்பைப் பையை இறுக்கிக் கட்டும்போது பாட்டில் நசுங்கி, ஒரு ஊசி பக்கவாட்டில் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டியது. நல்லவேளை, யார் கையிலும் குத்தவில்லை. அன்றிலிருந்து செய்யும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டப்பா. துணி துவைக்கும் லிக்விட் வருகிற கெட்டியான பாட்டில் இதற்கு நன்றாகப் பொருந்தும். விரலால் அழுத்திப் பாருங்கள், சுலபமாக உள்ளே அமுங்கினால் அது வேண்டாம். தண்ணீர் பாட்டில், பால் பாட்டில் இரண்டும் மெல்லியவை, ஊசி துளைத்துவிடும். கண்ணாடி உடையும். டப்பா தானாக நேராக நிற்க வேண்டும், ஒழுகக் கூடாது, மூடியைத் திருகினால் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், நீங்கள் போடப் போகும் ஊசி வாய் வழியாகத் தட்டாமல் விழ வேண்டும். கழுவி நன்றாகக் காய வைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

அடுத்து, அழியாத மார்க்கரால் பாட்டிலில் இரண்டு விஷயம் எழுதுங்கள். ஒன்று, 'பயன்படுத்திய ஊசிகள், மறுசுழற்சிக்கு அல்ல' என்று பெரிய எழுத்தில். இன்னொன்று, முக்கால் பங்கு உயரத்தில் ஒரு கோடு. எங்கள் பாட்டில் 24 சென்டிமீட்டர் உயரம், அதனால் 18-இல் கோடு போட்டோம். இதை முதல் நாளே போட்டுவிடுங்கள், ஏனென்றால் பாட்டில் நிறைய நிறைய 'இன்னும் நாலு ஊசி போகும்' என்றுதான் மனசு சொல்லும், அப்படி அமுக்கித் திணிக்கும்போதுதான் உள்ளே இருக்கிற ஊசி கையில் குத்தும்.

சரி, ஊசி போட்டாயிற்று. இங்கேதான் கவனம் வேண்டும். சிரிஞ்ச் என்றால் மூடியைத் திரும்பப் போடாதீர்கள், இடது கையில் பிடித்திருக்கிற சின்ன மூடியைத் தேடிப் போகும் ஊசி விரலைத்தான் முதலில் தொடும். ஊசியோடு சேர்த்து சிரிஞ்சை அப்படியே, ஊசி முனை கீழே பார்க்கும்படி பாட்டிலுக்குள் போடுங்கள். ஊசியை வளைப்பதும் உடைப்பதும் வேண்டாம்.

இன்சுலின் பேனா என்றால் விஷயம் கொஞ்சம் வேறு. பேனாவை வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் கழற்ற வேண்டும், அந்த ஊசிக்கோ இரண்டு பக்கமும் முனை உண்டு: தோலில் இறங்குவது ஒன்று, மருந்துக் குழாயின் ரப்பரைத் துளைப்பது இன்னொன்று. கழற்றியதும் பின்முனையும் வெளியே வந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. அதனால் பெரிய வெளி உறையை மேசை மேல் நிமிர்த்தி வையுங்கள், அதைக் கையால் பிடிக்காமல் பேனாவை மட்டும் இறக்கி ஊசியை அதற்குள் நுழையுங்கள். உள்ளே போன பிறகு உறையைப் பிடித்து அழுத்தி, திருகிக் கழற்றி, உறையோடு பாட்டிலில் போட்டுவிடலாம். ஊசியைப் பேனாவிலேயே விட்டுவைத்தால் மருந்து கசியும், குழாய்க்குள் காற்றும் ஏறும். சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் லான்செட்டும் இதே பாட்டிலுக்குத்தான்.

அம்மாவுக்கு தினமும் நாலு வேளை ஊசி, நாலு முறை விரல் குத்திப் பரிசோதனை, ஆக ஒரு நாளைக்கு எட்டு. அதனால் பாட்டிலை ஊசி போடும் இடத்திலேயே, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறோம். பாட்டில் அடுத்த அறையில் இருந்தால் ஊசி 'அப்புறம் போடலாம்' என்று மேசையிலேயே கிடக்கும்.

தவறி உள்ளே போன எதையும் எடுக்கக் கை விடாதீர்கள். கோட்டைத் தொட்டதும் மூடியைத் திருகி, மேலே அகலமான கெட்டி டேப் சுற்றுங்கள். அதன் பிறகு எங்கே கொடுப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ வாங்கிக்கொள்வார்களா என்று, பாட்டில் நிறைவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். மறுசுழற்சித் தொட்டியில் மட்டும் போடவே வேண்டாம், அங்கே கையால் பிரிக்கும் ஒருவர் இருப்பார். கழிப்பறையிலும் போடாதீர்கள்.

பயன்படுத்திய ஊசி வேறு யாருக்காவது குத்திவிட்டால், அந்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவச் சொல்லுங்கள். பிதுக்குவதும் வாயில் வைத்து உறிஞ்சுவதும் கூடாது. 'சின்னக் கீறல்தானே' என்று விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தோ 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் தரும்.