போர்வெல் தண்ணீரும் ஷேவிங் நுரையும்: பிளேடைத் தொடும் முன் 5 நிமிடம்

பெங்களூரில் காவிரித் தண்ணீர் வராமல் போர்வெல்லை நம்பியிருக்கும் வீடுகளில், நுரை முகத்திலேயே காய்ந்து பிளேடு இழுக்கும். பெரும்பாலும் குற்றம் பிளேடு மேல் இல்லை.

துண்டு

முகத்தைக் கழுவிவிட்டு, சின்னப் பருத்தித் துண்டை கீசர் வெந்நீரில் நனைத்துச் சொட்டாமல் பிழியுங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. தாடியில் 2 நிமிடம் வையுங்கள்; டிசம்பர் குளிரில் சீக்கிரம் ஆறிவிடும், இன்னொரு முறை நனைத்துக்கொள்ளுங்கள். முடியின் மேலிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு இளகும். முடி தண்ணீரை உறிஞ்சி ஊறி மெத்தென்றாகும். காய்ந்த முடியைவிட ஊறிய முடியை வெட்ட பிளேடுக்கு அழுத்தம் மிகவும் குறைவாகப் போதும். அழுத்தம் குறைந்தால் தோல் சிராய்ப்பதும் குறையும். தோலின் துவாரம் 'திறக்கும்' என்று சலூனில் சொல்வார்கள். அதைத் திறந்து மூட அங்கே தசை எதுவும் இல்லை. துண்டை எடுத்தபின் முகத்தைத் துடைக்காதீர்கள்.

பிரஷ்

பன்றிமுடி பிரஷ் என்றால் துண்டு போடுவதற்கு முன்பே வெதுவெதுப்பான நீரில் 3 நிமிடம் ஊறவையுங்கள். ஊறாத முடி முகத்தில் குத்தும், நுரைக்கு வேண்டிய நீரையும் குடித்துவிடும். செயற்கை இழை பிரஷுக்கு நனைத்தாலே போதும். கொதிநீரில் மட்டும் முக்காதீர்கள், அடியிலுள்ள பசை விட்டுப்போகும்.

நுரை

கோளாறு பெரும்பாலும் இங்கேதான். போர்வெல் நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகிவிடும். நுரையாக வேண்டிய சோப்பு அதிலேயே தீர்ந்துபோகும். கொதிக்கவைத்தாலும் கடினத்தன்மையில் ஒரு பகுதிதான் போகும். நுரைக்கு மட்டும் அரை டம்ளர் ஆர்ஓ தண்ணீரைச் சூடுபண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். துண்டுக்குக் குழாய்த் தண்ணீரே போதும்.

பிரஷை மூன்று முறை உதறுங்கள். கிண்ணத்தில் பாதாம் பருப்பளவு கிரீம் வைத்து அரை நிமிடம் சுழற்றினால் பசை மாதிரி வரும். இனி ஒவ்வொரு முறையும் நாலைந்து சொட்டு நீர் விட்டுச் சுழற்றுங்கள். கண்ணுக்குத் தெரியும் பெரிய குமிழ் இருந்தால் நீர் கூடிவிட்டது. துளி கிரீம் சேர்த்து இன்னும் அடியுங்கள். முகத்தில் ஓரம் மாவாகக் காய்ந்தால் நீர் போதவில்லை. சரியான நுரை கெட்டித்தயிர் மாதிரி பளபளக்கும், விரலிடுக்கில் தேய்த்தால் வழுக்கும்.

முகத்தில் முதலில் வட்டமாகத் தேயுங்கள்: படுத்திருக்கும் முடி நிமிரும், இடையில் நுரை புகும். தாடைக்குக் கீழே இன்னும் சில சுற்று, அங்கேதான் முடி பல திசையில் வளரும். பிறகு பெயிண்ட் அடிப்பதுபோல் நீவி மட்டப்படுத்துங்கள். இந்த நுரைப் படலம்தான் முடியின் ஈரத்தைக் காத்து, பிளேடைத் தோலில் உரசாமல் வழுக்கவைக்கிறது. பழுத்த பரு இருந்தால் அந்த இடத்தில் பிரஷ் வேண்டாம், விரலால் தடவுங்கள்.

ஒரு கன்னத்தை முடிப்பதற்குள் மறு கன்னம் காய்ந்தால், ஈர பிரஷால் மறுபடி ஒரு நீவு நீவிவிட்டுத் தொடருங்கள்.