முகூர்த்த நாள் ரத்தானால் முன்பணம் யாருக்கு? ஒளிப்படக் கலைஞர்கள் விதி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபி, ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரங்களில் கல்யாணப் படம் எடுப்பவர்கள் தரும் ரசீதுகள் பலவற்றில், ரத்து குறித்து ‘அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது’ என்ற ஒரே வரிதான் இருக்கும். தொழிலைக் காப்பதாகத் தோன்றினாலும், தகராறு என்று வரும்போது முதலில் கேள்விக்குள்ளாவது இந்த வரியே. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு தொகையை எழுதி வைத்திருந்தாலும், அதை உச்ச வரம்பாகக் கொண்டு அதற்குள் நியாயமான இழப்பீட்டையே கோர முடியும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை வாடிக்கையாளர் மீது சுமத்தும் ஒப்பந்தத்தை, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. ஆகவே விதியை எழுதுமுன், ரத்தானால் நமக்கு உண்மையில் எவ்வளவு நட்டம் என்று கணக்குப் போட்டாக வேண்டும்.

கோபியில் ஆவணி வளர்பிறை முகூர்த்தம் ஒன்றுக்கு 80,000 ரூபாய் பேசி, 20,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருப்பதாகக் கொள்வோம். ஆல்பம் அச்சுக்கு 18,000, வீடியோக்காரருக்கும் ட்ரோனுக்கும் 20,000, எடிட்டிங், வண்டிச் செலவுக்கு 7,000 போக, 35,000 ரூபாய் கலைஞரின் கைக்கு வரும். 6 நாள் முன்பு கல்யாணம் நின்றுபோனால், வீடியோக்காரருக்கும் ட்ரோன்காரருக்கும் கொடுத்துவிட்ட 10,000 ரூபாய் போய்விடும். 35,000 ரூபாய் வருமானமும் போய்விடும். நட்டம் 45,000 என்பதால், முன்பணம் 20,000 முழுவதையும் வைத்துக்கொள்வதில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் 80,000 ரூபாயையும் கேட்பது தவறு. அச்சிடாத ஆல்பத்துக்கும் செய்யாத எடிட்டிங்குக்கும் பணம் கேட்டதாகிவிடும். அதே ரத்து 70 நாள் முன்பு வந்து, அந்தத் தேதிக்கு வேறொரு கல்யாணம் அதே விலைக்குக் கிடைத்து, அதே வீடியோக்காரரும் ட்ரோனும் அதற்குப் பயன்பட்டால், நட்டம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அப்போதும் 20,000 ரூபாயைப் பிடித்து வைப்பதைத்தான் நியாயப்படுத்த முடியாது.

எத்தனை நாள் முன்பு என்ற எல்லையை வேறு தொழிலிலிருந்து அப்படியே எடுத்து எழுதுவது அடுத்த தவறு. டியூஷன் வகுப்புக்கு 24 மணி நேரம் போதும். குழந்தைப் படத்துக்கு இரண்டு நாள் போதும், ஏனெனில் அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். முகூர்த்த நாள் அப்படியல்ல. ஆடியும் மார்கழியும் போக மீதி மாதங்களில் நல்ல நாட்கள் சிலவே. மண்டபம் பிடித்த கையோடு படத்துக்கும் ஆள் பேசிவிடுகிறார்கள். மூன்று வாரத்துக்குள் ரத்தானால், அந்த நாளுக்குப் புதிதாகக் கேட்டு வருபவர் அரிது. எனவே 60 நாளுக்கு முன்பு என்றால் எழுத்து வேலைக்கு 2,000 ரூபாய் மட்டும் பிடித்தம், 60 முதல் 21 நாள் வரை முன்பணத்தில் பாதி, அதற்குப் பின் முழு முன்பணம் என்று படிப்படியாக வகுக்கலாம். தேதி மீண்டும் நிரம்பினால் பிடித்த தொகையையும் திருப்பித் தருவோம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், வாடிக்கையாளருக்குக் குறை சொல்ல வழியிருக்காது.

தள்ளிவைப்பதையும் ரத்தையும் ஒன்றாக எழுதிவிடுவதும் நடக்கிறது. பங்காளி வீட்டில் சாவு நேர்ந்து தீட்டு வந்தால், கல்யாணம் நிற்பதில்லை, தேதிதான் மாறுகிறது. நாம் காலியாக இருக்கும் தேதிக்கு மாற்றினால் முன்பணம் முழுவதும் அதற்கே செல்லும் என்று எழுத வேண்டும். ஆனால் ஒருமுறைதான் என்ற வரம்பும், ஆறு மாதக் கெடுவும் வேண்டும். இல்லையென்றால் தேதி சொல்லாமலேயே முன்பணம் கிடப்பில் கிடக்கும்.

ரத்து செய்யும் உரிமை யாருக்கு என்பதையும் பலர் எழுதுவதில்லை. தாய்மாமன் ஒன்று சொல்வார், பெண்ணின் அண்ணன் வேறொன்று சொல்வார். முன்பணம் கொடுத்தவரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் எழுத்தாக வந்தால்தான் ரத்து என்றும், அந்தச் செய்தி வந்த நாளே கணக்கு என்றும் குறிப்பிடுவது நல்லது.

ஸ்டூடியோவில் நேரம் குறித்துவிட்டு வராமல் போவோருக்கு, எத்தனை நிமிடம் காத்திருப்போம் என்று சொல்லாமல் கட்டணம் கேட்கக் கூடாது. 30 நிமிடம் என்று வைத்து, பத்தாவது நிமிடத்தில் ஒரு போன் செய்து பார்ப்பது முறை. கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

கடைசியாக, கலைஞரே வரமுடியாமல் போனால் என்ன என்ற பகுதி பெரும்பாலான ரசீதுகளில் இல்லை. முன்பணம் முழுவதையும் திருப்பித் தருவதோடு, வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளும் வேறொரு கலைஞரை ஏற்பாடு செய்து, விலை கூடினால் அந்த வித்தியாசத்தைத் தாமே ஏற்பதாக எழுத வேண்டும். இவை யாவும் தமிழில், முன்பணம் வாங்குமுன், ரசீதின் முன்பக்கத்திலேயே இருக்க வேண்டும். பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்ததைப் பார்க்கவே இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.