ஹப்பில் இறுகிப்போன பேரிங் ரேஸைத் தட்டிக் கழற்றுவது எப்படி?

காக்கி புக்கிட்டில் நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போன வாரம் ஒரு ஜெனரேட்டர் டிரெய்லர் வந்தது. சக்கரத்தைச் சுற்றினால் கரகரவென்று சத்தம். உள்ளே 30206 பேரிங். அதன் வெளி வளையமான அவுட்டர் ரேஸ் 62 மி.மீ. விட்டம், 14 மி.மீ. அகலம். துரு ஏறி ஹப்போடு ஹப்பாக ஒட்டியிருந்தது.

ஆயில் சீலையும் ரோலரையும் எடுத்துவிட்டு, பழைய கிரீஸை ஒரு பொட்டு விடாமல் துடைத்துவிடுங்கள். ரேஸின் முதுகுப்பக்கம் ஹப்பில் ஒரு படி இருக்கும். அந்தப் படியில் எதிரெதிரே இரண்டு இடங்களில் வெட்டு விட்டிருப்பார்கள். மறுபக்கத்திலிருந்து விரலை விட்டுத் தடவினால் ரேஸின் விளிம்பு அங்கே மட்டும் தட்டுப்படும். அந்த இரண்டு இடங்களில்தான் அடிக்க வேண்டும். வேறெங்கு அடித்தாலும் அடி ஹப்பின் மேலேதான் விழும்.

ரேஸ் கீழே பார்க்கும்படி ஹப்பை இரண்டு மரக்கட்டைகள்மேல் வையுங்கள். ரேஸ் விழ நடுவில் இடம் இருக்கட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ரேஸ் கடினப்படுத்திய இரும்பு, சில்லு தெறிக்கும். அதனால் ரேஸில் வைத்து அடிக்கும் கம்பியான டிரிஃப்ட்டும் கடின இரும்பாக இருக்கக் கூடாது. பித்தளை நல்லதுதான், ஆனால் துருப்பிடித்த ரேஸில் அதன் முனை மழுங்கி வழுக்குகிறது. நான் 12 மி.மீ. மைல்ட் ஸ்டீல் கம்பியின் முனையைச் சப்பையாக அரம் போட்டு வைத்திருக்கிறேன்.

இனி அடிப்பது. ஒரு வெட்டில் இரண்டு அடி, எதிர் வெட்டில் இரண்டு அடி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதல் சில சுற்றுகளில் அசைவே தெரியாது. பிறகு ரேஸுக்கும் படிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். டார்ச் அடித்து, அது இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள்.

பழக ஆரம்பித்தபோது ஒரு பக்கம் நகர்ந்த சந்தோஷத்தில் அங்கேயே ஏழெட்டு அடி கொடுத்துவிட்டேன். ரேஸ் சாய்ந்து, ஆப்பு வைத்தது போல மாட்டிக்கொண்டது. அப்படி ஆனால் மேலும் அடித்தால் ஹப்பின் துளைதான் கீறும். ஹப்பைத் திருப்பி, முன்னால் வந்த பக்கத்தை லேசாக உள்ளே தட்டி நேராக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

அசையவே இல்லையென்றால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். அலுமினிய ஹப்பென்றால் ஹீட் கன் போதும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 80 டிகிரி கூடினால் 62 மி.மீ. துளையில் சுமார் 0.05 மி.மீ. இளக்கம் கிடைக்கும். வார்ப்பிரும்பும் ரேஸும் கிட்டத்தட்ட ஒரே அளவு விரிவதால், வார்ப்பிரும்பு ஹப்பை வெளிப்பக்கம் மட்டும் வேகமாகச் சூடாக்கி, சூடு உள்ளே பரவுமுன் அடிக்க வேண்டும். எண்ணெய் விட்ட ஹப்பை நன்றாகத் துடைத்த பிறகே சூடு காட்டுங்கள், நெருப்பு வேண்டாம்.

அந்த டிரெய்லர் ரேஸ் எண்ணெயில் ஊறி, மறுநாள் காலை பத்துப் பன்னிரண்டு சுற்றில் விழுந்தது. வெட்டின் ஓரத்தில் எழும்பிய பிசிறை அரத்தால் எடுத்தேன். கடைசியாகப் புது ரேஸைக் கையால் வைத்துப் பாருங்கள். தட்டாமல் தானாக உள்ளே இறங்கினால், பழைய ரேஸ் ஹப்புக்குள் சுழன்று துளையைத் தின்றிருக்கிறது. அந்த ஹப்பை மாற்றத்தான் வேண்டும்.