“கொள்கைப்படி வழங்க இயலாது”: விருப்புரிமை அதிகாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சலுகையை அதிகாரி ‘வழங்கலாம்’ என்று சட்டம் சொன்னால், அது விருப்புரிமை அதிகாரம்; ஒவ்வொரு மனுவையும் தனியே பார்த்து முடிவெடுக்கும் கடமையும் அவருக்கு உண்டு. நிராகரிப்பு ஆணையில் “கொள்கைப்படி வழங்க இயலாது” என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால், அந்தக் கடமை நடந்ததா என்று சந்தேகிக்க வேண்டும்.

அதற்காகக் கொள்கை வகுப்பதே தவறு என்று வாதிட்டால் தோற்பீர்கள். பிரிட்டிஷ் ஆக்ஸிஜன் நிறுவனம் அப்படித்தான் தோற்றது. பிரிட்டனின் 1966ஆம் ஆண்டுத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, புதிய இயந்திரங்களுக்கு வர்த்தக வாரியம் மானியம் தரலாம் என்றிருந்தது. ஒரு பொருளின் விலை 25 பவுண்டுக்குக் குறைந்தால் மானியமில்லை என்று வாரியம் கொள்கை வகுத்தது. நிறுவனம் வாங்கிய எரிவாயு உருளை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 பவுண்டுதான்; ஆனால் மொத்தச் செலவு 40 லட்சம் பவுண்டைத் தாண்டியது. வழக்கு அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவைக்குப் போனது. ஏராளமான மனுக்கள் வரும் துறை கொள்கை வைத்துக்கொள்ளலாம், அது விதியைப்போல உறுதியாகவும் இருக்கலாம். ஆனால் புதிதாகச் சொல்ல ஏதாவது வைத்திருப்பவருக்குக் காதை மூடிக்கொள்ளக் கூடாது என்று 1970இல் தீர்ப்பானது. இந்த நிறுவனத்தின் வாதத்தை வாரியம் கேட்டிருந்ததால் நிராகரிப்பு நின்றது.

ஆகவே மனுதாரர் கொள்கையைத் திட்டுவதில் பக்கங்களை வீணாக்காமல், தன் நிலை மற்றவர்களுடையதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதை ஆதாரத்தோடு எழுத வேண்டும். அதிகாரி அந்த வேறுபாட்டைக் கோப்பில் குறித்து, அது ஏன் போதவில்லை என்று பதில் எழுத வேண்டும். ‘விதிவிலக்கு உண்டு’ என்று கொள்கையில் ஒரு வரி சேர்த்துவிட்டு, யாருடைய மனுவையும் அந்த வரியோடு ஒப்பிட்டுப் பார்க்காமலிருந்தால் அந்த வரி காப்பாற்றாது.

மேலிடம் சொன்னதை அப்படியே ஆணையாக்குவதும் இதே வகைக் குற்றம்தான். பம்பாயில் திரையரங்கு கட்டத் தந்த அனுமதியைக் காவல் ஆணையர் ரத்து செய்தார். அரசு பணித்தபடி தெரிவிப்பதாகவே கடிதம் சொன்னது. அதிகாரம் ஆணையருடையது, முடிவோ அவருடையதல்ல என்பதால் கோர்தன்தாஸ் பான்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ஏற்கவில்லை. ஆணையில் எழுதியதற்குப் பின்னாளில் புதிய விளக்கம் தந்து முட்டுக்கொடுக்கவும் முடியாது என்றது. காரணத்தை ஆணையிலேயே முழுதாக எழுத வேண்டும் என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

எழுதும் காரணம் சட்டத்தின் நோக்கத்துக்குள் இருக்க வேண்டும். தென்கிழக்கு இங்கிலாந்தின் பால் உற்பத்தியாளர்கள் விலை குறித்துத் தந்த புகாரை விசாரணைக் குழுவுக்கு அனுப்ப அமைச்சர் மறுத்தார். குழு புகாரை ஏற்றால் தான் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும் என்ற சங்கடமும் அவர் காரணங்களில் இருந்தது. புகாரின் நியாயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1968இல் பாட்ஃபீல்டு வழக்கில் அவர் தோற்றார். ஆனால் நீதிமன்றம் விலையை மாற்றவில்லை; சட்டப்படி மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. பிறகு குழு உற்பத்தியாளர் பக்கம் நின்றும், அமைச்சர் அதைச் செயல்படுத்த மறுத்துவிட்டார்.