வேளாண் பட்டதாரி ரெஸ்யூம்: விளைச்சல் எண்ணில் நேரும் தவறுகள்

அக்ரிடெக் வேலைக்கோ பண்ணை மேலாளர் வேலைக்கோ விண்ணப்பிக்கும் வேளாண் பட்டதாரிகளின் ரெஸ்யூம்களில் அடிக்கடி வரும் வரி இது: "நெல்லில் வயல் ஆய்வு நடத்தி விளைச்சலை 20% உயர்த்தினேன்." எழுதியவருக்கு இது பெரிய சாதனை. வயல் தெரிந்த ஒருவர் படித்தால் அவர் மனதில் கேள்விகள்தான் எழும். எதோடு ஒப்பிட்டு 20 சதவீதம்? எந்த ரகம், எந்தப் பருவம்? எத்தனை ரெப்ளிகேஷன், அதாவது ஒரே முறையை எத்தனை பாத்திகளில் திரும்பச் செய்தது? ஆய்வை நடத்தியது நீங்களா, உங்கள் பேராசிரியரா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். இளங்கலை மாணவர் பெரும்பாலும் ஆய்வை வடிவமைப்பதில்லை. நாற்று நடவிலும் தூர் எண்ணுவதிலும் அறுவடையில் எடை எடுப்பதிலும் உதவுகிறார். அதை அப்படியே எழுதினால் போதும். "மூன்று ரெப்ளிகேஷனிலும் தூர் எண்ணிக்கையும் மகசூல் எடையும் எடுத்தேன்" என்ற வரியைப் பற்றி நேர்காணலில் எவ்வளவு துருவினாலும் உங்களால் பதில் சொல்ல முடியும். "ஆய்வு நடத்தினேன்" என்று எழுதிவிட்டு, ட்ரீட்மெண்ட்களை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால் திணற வேண்டிவரும்.

இனி விளைச்சல் எண்ணுக்கு வருவோம். அதிகம் தவறுவது இங்கேதான். விளக்கத்துக்காக ஓர் ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். குறுகிய கால நெல் ரகம், குறுவைப் பருவம். இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையைச் சொல்லும் இலை வண்ண அட்டை பார்த்து யூரியா போட்ட பாத்தியையும், பரிந்துரைத்த அளவை வழக்கம்போல் போட்ட பாத்தியையும் ஒப்பிடுகிறோம். பாத்தியின் ஓர வரிசைகளை விட்டுவிட்டு உள்ளே 16 சதுர மீட்டர் மட்டும் அறுத்து எடை போடுகிறோம். இலை வண்ண அட்டைப் பாத்தியில் 10 கிலோ நெல், ஈரப்பதம் 20%.

பலரும் 10 கிலோவை 16-ஆல் வகுத்து 10,000-ஆல் பெருக்கி, எக்டேருக்கு 6,250 கிலோ என்று எழுதிவிடுகிறார்கள். அது ஈர நெல்லின் எடை. நெல் மகசூலை வழக்கமாக 14% ஈரப்பதத்துக்குத் திருத்திச் சொல்வார்கள். 10 கிலோவை 80-ஆல் பெருக்கி 86-ஆல் வகுத்தால் 9.3 கிலோ. அதன்படி எக்டேருக்கு ஏறத்தாழ 5,814 கிலோ, ஏக்கருக்கு 2,353 கிலோ. எக்டேருக்கு 436 கிலோ வெறும் தண்ணீர். ரெஸ்யூமில் இந்தக் கணக்கையெல்லாம் எழுத வேண்டாம். எண்ணுக்குப் பக்கத்தில் "14% ஈரப்பதத்தில்" என்று இரண்டு சொல் போட்டாலே படிப்பவருக்குப் புரிந்துவிடும். மூட்டைக் கணக்கிலும் எழுதாதீர்கள். ஊருக்கு ஊர் மூட்டையின் எடை மாறும் என்பதால் "ஏக்கருக்கு 35 மூட்டை" என்பதை வெளியூர்க்காரர் எதோடும் ஒப்பிட முடியாது.

இன்னொரு சறுக்கல், சிறு பாத்தியின் எண்ணை முழு வயலின் விளைச்சலாகக் காட்டுவது. ஆய்வுப் பாத்தியில் பயிர் எண்ணிக்கை சீராக இருக்கும், தண்ணீர் நேரத்துக்குப் பாயும், இயந்திர அறுவடையில் சிதறும் நெல்லும் கணக்கில் வராது. ஐந்து ஏக்கரில் அதே விளைச்சல் கிடைக்காது என்பது பண்ணை நடத்துபவருக்குத் தெரியும். ஆகவே "ஆய்வுப் பாத்தியில்" என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

சரி, ஒப்பீடு என்ன சொல்கிறது? வழக்கமான பாத்தியின் சராசரி எக்டேருக்கு 5,560 கிலோ, இலை வண்ண அட்டைப் பாத்தியின் சராசரி 5,814 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 254 கிலோ, அதாவது 4.6%. "விளைச்சல் 4.6% கூடியது" என்று எழுதத்தான் கை போகும். ஆனால் வித்தியாசம் எவ்வளவைத் தாண்டினால்தான் கணக்கில் கொள்ளலாம் என்பதைப் புள்ளியியல் அட்டவணையின் சி.டி. மதிப்பு சொல்லும்; அது 310 என்று இருந்தால் இந்த 254-க்குப் பொருளில்லை. இரண்டு ட்ரீட்மெண்ட்டும் இணை. மண்ணில் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டாலேயே அவ்வளவு வித்தியாசம் வந்திருக்கலாம்.

இந்த இடத்தில் பலர் ஆய்வு தோற்றுவிட்டது என்று நினைத்து அதை ரெஸ்யூமிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் வருத்தம் தருகிறது, ஏனென்றால் சொல்ல வேண்டிய செய்தியே இனிமேல்தான் இருக்கிறது. வழக்கமான பாத்திக்கு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து போயிருக்கிறது, இலை வண்ண அட்டைப் பாத்திக்கு 120 கிலோதான் போயிருக்கிறது என்றால் மிச்சம் 30 கிலோ. யூரியாவில் 46% தழைச்சத்து, ஆக எக்டேருக்குச் சுமார் 65 கிலோ யூரியா மிச்சம். ஏக்கருக்கு 26 கிலோ, 45 கிலோ மூட்டையில் பாதிக்கும் மேல். அப்போது வரி இப்படி அமையும்:

"இலை வண்ண அட்டை வழி யூரியா இடுதல்: குறுவை நெல், ஆர்.பி.டி. அமைப்பு, 3 ரெப்ளிகேஷன். ஆய்வுப் பாத்தியில் எக்டேருக்கு 5,814 கிலோ (14% ஈரப்பதம்), வழக்கமான முறைக்கு இணை. தழைச்சத்து 30 கிலோ குறைவு. என் பங்கு: வாரந்தோறும் இலை நிறம் பதிவு, அறுவடை எடை."

செலவு குறைந்தும் விளைச்சல் குறையவில்லை என்பதுதான் பண்ணை முதலாளிக்கு வேண்டிய செய்தி. உரப் பரிந்துரை தரும் அக்ரிடெக் நிறுவனத்துக்கும் அதுவேதான்.

விரிவாக்கப் பணியில் தவறு வேறு மாதிரி. கிராமத் தங்கல் பயிற்சியான ராவேயைப் பற்றி, குழுக் கூட்டம், செயல்விளக்கம், பிரச்சார ஊர்வலம், கிராம வரைபடம் என்று செய்ததையெல்லாம் பட்டியல் போடுகிறார்கள். ராவே முடித்த எல்லோரிடமும் அதே பட்டியல் இருக்கிறது. "60 விவசாயிகளுக்குப் பயிற்சி அளித்தேன்" என்பதும் அப்படித்தான். எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள் என்பது மட்டுமே அதில் தெரிகிறது.

செய்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, பிறகு என்ன ஆனது என்று எழுதுங்கள். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நெல் விதைநேர்த்தி செய்துகாட்டினீர்கள், 22 பேர் பார்த்தார்கள் என்று வையுங்கள். நாற்றங்கால் விட்ட பிறகு போய் விசாரித்ததில் 7 பேர் செய்திருந்தார்கள். மற்றவர்களில் சிலர் அதற்குள் விதையை ஊறப்போட்டுவிட்டார்கள், சிலருக்கு வேளாண் விரிவாக்க மையம் வரை போய் வாங்கிவர வசதிப்படவில்லை. "22 பேரில் 7 பேர் கடைப்பிடித்தனர், தடை: இடுபொருள் கிடைக்கும் தூரம், செயல்விளக்கம் தாமதம்" என்ற வரி, திரும்பிப் போய்ப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு உண்டு என்று காட்டும். களப் பணியாளரிடம் நிறுவனங்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். திரும்பிப் போய் விசாரிக்கவில்லை என்றால் எண்ணை இட்டுக்கட்டாதீர்கள். அந்த ஊரில் இப்போதும் யாராவது தொடர்பில் இருந்தால் ஒரு போன் போட்டுக் கேட்கலாம். விவசாயிகளின் பெயரையும் போன் எண்ணையும் மட்டும் ரெஸ்யூமில் போடக் கூடாது.

இரண்டு வகை வேலைக்கும் ஒரே ரெஸ்யூமை அனுப்புவதும் சரிவராது. மேலே சொன்ன ஆய்வு வரி அக்ரிடெக் வேலைக்கு மேலே இருக்கட்டும். பண்ணை மேலாளர் வேலைக்கு அதைக் கீழே இறக்கிவிட்டு, எத்தனை ஏக்கரில் எத்தனை ஆட்களை வைத்து வேலை வாங்கினீர்கள், நீர்ப்பாசன முறையை யார் வகுத்தது, இடுபொருள் பதிவேடு எழுதினீர்களா என்பதை மேலே கொண்டுவாருங்கள். சொந்த வீட்டு நிலமாக இருந்தாலும் தயங்க வேண்டாம். மூன்று ஏக்கர் நிலக்கடலைக்கு விதை, களை, பறிப்புக் கூலி என்று ஒரு பருவத்தின் ஏக்கர் செலவைச் சொல்ல முடிந்தவருக்கு அந்த வேலையில் முன்னுரிமை உண்டு. நேர்காணலுக்குப் போகும்போது எடைகளைக் குறித்துவைத்த களக் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். எண் எப்படி வந்தது என்று கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.