ஜெர்மனில பேங்க் அக்கவுன்ட் ஃபார்ம்: பழகின வார்த்தைதானேன்னு டிக் பண்ணி மாட்டிக்கிற இடங்கள்

ஸ்டுட்கார்ட்ல என் ரூம்ல கொஞ்ச நாள் ஒரு தம்பி தங்கியிருந்தான், வேலை கிடைச்சு சென்னையிலேர்ந்து வந்து ரெண்டு வாரம் கூட ஆகல. ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு லேப்டாப்ப தூக்கிட்டு வந்து, "அண்ணே, இதுல எங்க எச்ஆர் மேனேஜர் பேரு போடணுமா, இல்ல கம்பெனி பேரா"ன்னு கேக்குறான். வாங்கி பாத்தா பேங்க் அக்கவுன்ட் ஓபன் பண்ற ஃபார்ம், wirtschaftlich Berechtigter-னு தலைப்பு போட்டு பேரு, பிறந்த தேதி, அட்ரஸ் எல்லாம் கேக்குற ஒரு பக்கம் திறந்திருக்கு. அந்தப் பக்கமே அவனுக்கு வந்திருக்கக் கூடாது. முந்தின பக்கத்துக்கு போய் பாத்தா விஷயம் புரிஞ்சுது, Handeln Sie auf eigene Rechnung? அப்படிங்கற கேள்விக்கு Nein டிக் பண்ணியிருக்கான்.

அவன் மேல தப்பு சொல்ல மாட்டேன். ரெஷ்னுங் (Rechnung) அப்படின்னா ஜெர்மன் கிளாஸ்ல முதல் வாரமே பில்லுன்னு சொல்லிக் குடுத்துடுவாங்க, ஹோட்டல்ல, கரண்ட் ஆபீஸ்ல எல்லாம் பில்லு தான். ஃபோன் கேமராவ காட்டுனா "சொந்தக் கணக்கில் செயல்படுகிறீர்களா"ன்னு ஏதோ வந்திருக்கு, அவன் அத சொந்தத் தொழில் பண்றியான்னு எடுத்துக்கிட்டான், நான் சம்பளத்துக்கு வேலை பாக்குறவன் தானேன்னு இல்லன்னு போட்டுட்டான். ஆனா இங்க கேக்குறது வேற: இந்த அக்கவுன்ட்ல வரப்போற பணம் உன்னோடதா, இல்ல வேற யாருக்காகவோ நீ பேரு மட்டும் குடுக்குறியா. கறுப்புப் பணத் தடுப்புச் சட்டப்படி (ஃபார்ம்ல GwG-னு சுருக்கி போட்டிருப்பாங்க) எல்லா பேங்க்கும் இத கேட்டே ஆகணும். சம்பளமோ ஸ்காலர்ஷிப்போ வீட்லேர்ந்து அனுப்புற காசோ, உங்களுக்குன்னு வர்ற பணம்னா auf eigene Rechnung, அதாவது ஆமா. இல்லன்னு போட்டா பணத்துக்கு உண்மையான சொந்தக்காரர் யாருன்னு அடுத்த பக்கம் கேக்கும், அவர் தான் அந்த விர்ட்ஷாஃப்ட்லிஷ் பெரெஷ்டிக்டர். அங்க எச்ஆர் மேனேஜர் பேர போட்டிருந்தான்னா பேங்க் அவரோட விவரத்தயும் கேட்டு அப்ளிகேஷன நிறுத்தி வச்சிருக்கும்.

டிக்க சரியா போட்டா மட்டும் பத்தாது, அதுக்கு அர்த்தம் என்னன்னு மனசுல இருக்கணும். நம்ம ஆளுங்க கிட்ட ஒரு பழக்கம் இருக்கு, புதுசா வந்தவனுக்கு அக்கவுன்ட் ஆகலன்னா "என் அக்கவுன்ட்ல சம்பளத்த போடச் சொல்லு மச்சி"ன்னு சொல்லிடுவோம். ஊர்ல இது உதவி. இங்க நீங்க என் சொந்தப் பணத்துக்குத்தான்னு கையெழுத்து போட்டிருக்கீங்க, அதுல இன்னொருத்தர் பேருக்கு மாசாமாசம் பணம் வந்தா பேங்க் கேள்வி கேக்கும். இத விட மோசமானது, உங்க அக்கவுன்ட்ல பணம் வரும், அத வேற இடத்துக்கு அனுப்பிட்டு கமிஷன் எடுத்துக்கங்கன்னு வர்ற வேலை விளம்பரம். அது திருட்டுப் பணத்த நகத்துற வேலை, எனக்குத் தெரியாதுன்னு சொன்னா மட்டும் தப்பிக்க முடியாது, ஏன்னா அலட்சியமா விட்டாலே ஜெர்மன் சட்டத்துல அது குற்றம் தான்.

அடுத்தது பேரு. தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட் வச்சிருக்கிற நிறைய பேருக்கு சர்நேம் கட்டம் காலியா இருக்கும், கிவன் நேம்லயே கார்த்திக் செல்வராஜ்னு ரெண்டும் சேந்து நிக்கும். ஜெர்மன் ஃபார்ம்ல Vorname (முதல் பேரு), Nachname (குடும்பப் பேரு) ரெண்டும் கட்டாயம், எதையும் காலியா விட முடியாது. அப்ப ஒருத்தர் அப்பா பேர நாஹ்நாமேல போடுறார், இன்னொருத்தர் ரெண்டுலயும் ஒரே பேர போடுறார், இன்னொருத்தர் ஊர்ல எழுதுற மாதிரி இனிஷியல் போடுறார். பின்னாடி ஆள் நீங்க தானான்னு பேங்க் சரிபாக்குற வீடியோ கால்ல பாஸ்போர்ட்ட காட்டும்போது அங்க இருக்கிறவர் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்து ஒத்துப்போகலன்னு கட் பண்ணிடுவார்.

நீங்க பாக்க வேண்டியது, வீட்டு அட்ரஸ் பதிஞ்சப்ப கிடைச்ச Meldebescheinigung பேப்பர்லயும் ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டுலயும் உங்க பேர எப்படிப் பிரிச்சிருக்காங்கன்னு. அதே பிரிப்ப அப்படியே இங்கயும் போடுங்க, எது அழகுன்னு யோசிக்காதீங்க, இனிஷியல் வேண்டவே வேண்டாம். அந்தப் பிரிப்பு பாஸ்போர்ட் கூட ஒத்துப்போகலன்னா வீடியோ காலோட மல்லுக்கட்டாம பிராஞ்சுக்கு நேர்ல போய் ரெண்டு பேப்பரயும் ஒண்ணா காட்டுறது நல்லது. 2025 அக்டோபர் 9-லேர்ந்து இது இன்னும் முக்கியமாயிடுச்சு, யூரோ நாடுகள்ல பணம் அனுப்புறதுக்கு முன்னாடி பேரும் ஐபானும் பொருந்துதான்னு பேங்க் பாத்து சொல்லணும்னு சட்டம் வந்துடுச்சு. வாடகை அட்வான்ஸ திருப்பி அனுப்புற வீட்டுக்காரர் ஸ்கிரீன்ல "பேரு பொருந்தல"ன்னு வந்தா அவர் பயந்து நிறுத்திடுவார், அதனால கம்பெனியிலயும் வீட்டுக்காரர் கிட்டயும் பேங்க்ல இருக்கிற அதே பேர குடுங்க.

பக்கத்துலயே Geburtsname-னு ஒரு கட்டம் இருக்கும். பிறந்தப்ப வச்ச பேருன்னு நெனச்சு நிறைய பேரு தன்னோட முதல் பேரயே மறுபடி எழுதிடுறாங்க. அது கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த குடும்பப் பேரு. பாஸ்போர்ட்ல கணவர் பேர சர்நேமா மாத்திக்கிட்ட பெண்கள் அங்க பழைய பேர போடணும். மத்தவங்க அந்தக் கட்டத்துக்கு கீழ falls abweichend-னு இருக்கான்னு பாருங்க, "வேறயா இருந்தா மட்டும்"னு அர்த்தம், இருந்தா காலியா விட்டுடலாம். இந்த ரெண்டு வார்த்தைய மட்டும் மனசுல வச்சுக்கங்க, ஃபார்ம் முழுக்க பல இடத்துல வரும், தபால் அட்ரஸ் கேக்குற இடத்துல கூட.

அப்புறம் டாக்ஸ் பகுதி. Staatsangehörigkeit அப்படின்னா குடியுரிமை, அங்க இந்தியா. கொஞ்சம் கீழ steuerliche Ansässigkeit, அதாவது எந்த நாட்டுல நீங்க வரி கட்டுறதுக்கு குடியிருக்கிறவர்னு கேக்குது. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு இந்தியான்னு போட்டு பான் நம்பரயும் எழுதிடுறாங்க, ஜெர்மனிய சேக்கவே இல்ல. இங்க வீடு எடுத்து தங்கி சம்பளம் வாங்குற ஆளு ஜெர்மனில வரிக்குடியிருப்பாளர், பாஸ்போர்ட் எந்த நாடுங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, பான் கார்டு இருக்குங்கறதுக்காகவோ ஊர்ல ஒரு என்ஆர்இ அக்கவுன்ட் இருக்குங்கறதுக்காகவோ இந்தியாவ எழுதத் தேவையில்ல. நீங்க இந்தியான்னு எழுதுனா அந்த அக்கவுன்ட் விவரம் ஜெர்மன் வரித்துறை வழியா இந்திய வரித்துறைக்கு வருஷாவருஷம் போகும், நாடுகளுக்கு நடுவுல அப்படி ஒரு ஒப்பந்தம் இருக்கு. வந்த முதல் வருஷம் மட்டும் கொஞ்சம் கவனம், ஏப்ரல்லேர்ந்து மார்ச் கணக்குல 182 நாளோ அதுக்கு மேலயோ ஊர்ல இருந்திருந்தா அந்த வருஷத்துக்கு இந்தியாவும் உங்கள குடியிருப்பவரா எடுத்துக்கும், அப்ப ஆடிட்டர ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க.

ஜெர்மனின்னு போட்டதும் Steuer-ID கேக்கும், 11 இலக்கம், நடுவுல கோடு எதுவும் கிடையாது, அட்ரஸ் பதிஞ்ச கொஞ்ச வாரத்துல தபால்ல வரும். ஷ்டோயர்நும்மர் (Steuernummer) வேற, அது உள்ளூர் வரி ஆபீஸ் குடுக்குறது, பெரும்பாலும் நடுவுல சாய்வுக்கோடு போட்டு இருக்கும், அத இங்க போடாதீங்க. நம்பர் இன்னும் வரலன்னா எதயாவது அடிச்சு நிரப்ப வேண்டாம், wird nachgereicht-னு ஒரு டிக் இருக்கான்னு பாருங்க, பிறகு தர்றேன்னு அர்த்தம்.

இப்ப காசு போற இடத்துக்கு வருவோம். Dispositionskredit, சுருக்கமா டிஸ்போ. பாக்க ஏதோ வசதி மாதிரி ஒரு சின்ன டிக், ஆனா அது ஓவர் டிராஃப்ட், அக்கவுன்ட்ல பணம் தீந்தாலும் மைனஸ்ல எடுத்துக்கலாம். பக்கத்துல Sollzinssatz-னு ஒரு சதவீதம் போட்டிருக்கும், அத பாத்துட்டு "அட, 12 பெர்சன்ட் வட்டி தராங்களா"ன்னு ஒரு அக்கா என் கிட்ட சந்தோஷமா கேட்டாங்க, எனக்கு மனசு கேக்கல. Soll பக்கம்னா நாம பேங்க்குக்கு குடுக்க வேண்டியது, Haben பக்கம்னா பேங்க் நமக்கு தர வேண்டியது, நமக்கு வர்ற வட்டி Habenzins, சாதாரண அக்கவுன்ட்ல அது பெரும்பாலும் பூஜ்யம் தான். ஸ்டேட்மென்ட்ல தொகைக்கு பக்கத்துல S, H-னு நிக்கிறதும் இதே தான்.

கணக்கா பாப்போம். 12 பெர்சன்ட்னு வச்சுக்கங்க, 1000 யூரோ மைனஸ்ல 30 நாள் இருந்தா வட்டி 10 யூரோ, பெருசா தெரியாது. ஆனா சம்பளம் வந்ததும் மைனஸ் அடையும், வாடகை போனதும் திரும்ப மைனஸ், இப்படியே வருஷம் முழுக்க சராசரியா 1000 யூரோ மைனஸ்ல ஓடுனா 120 யூரோ போயிடும், வட்டிய பெரும்பாலும் மூணு மாசத்துக்கு ஒரு தடவ மொத்தமா எடுக்குறதால எங்க போச்சுன்னே தெரியாது. வேணாம்னா அந்த டிக்க எடுத்துடுங்க, பின்னாடி தேவைன்னா கேட்டு வாங்கிக்கலாம். டிஸ்போ இல்லாமலே சில சமயம் பேங்க் ஒரு பேமென்ட்ட மைனஸ்ல விட்டுடும், அதுக்கு geduldete Überziehung-னு பேரு, அதுக்கு வட்டி பல பேங்க்ல டிஸ்போவ விட அதிகம்.

கட்டணத்துல ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இலவச அக்கவுன்ட்னு போட்டுட்டு கீழ ab Geldeingang இத்தனை யூரோன்னு இருந்தா, மாசம் அவ்வளவு பணம் எங்கேர்ந்தாவது உள்ள வரணும். அதே இடத்துல Gehaltseingang-னு இருந்தா சம்பளமா வரணும், அப்பா அனுப்புற காசு கணக்குல வராது, ஸ்டூடண்ட்ஸ் இதுல தான் ஏமாறுறாங்க. விளம்பரத்த விட்டுட்டு Entgeltinformation-ங்கற பேப்பர கேளுங்க, 2018 கடைசியிலேர்ந்து எல்லா பேங்க்கும் ஒரே வடிவத்துல குடுத்தே ஆகணும், ஒவ்வொரு சேவைக்கும் எவ்வளவுன்னு அதுல தான் இருக்கும்.

கடைசியா அனுப்பு பட்டன அழுத்துறதுக்கு முன்னாடி கீழ போய் உங்க தபால் பெட்டிய ஒரு தடவ பாத்துட்டு வாங்க. கார்டும் பின் நம்பரும் தனித்தனி கவர்ல வேற வேற நாள்ல தபால்ல வரும், இங்க பிளாட் நம்பர் கிடையாது, பெட்டி மேல உங்க பேரு ஒட்டலன்னா தபால்காரர் திருப்பி எடுத்துட்டு போயிடுவார். அந்த தம்பி என் ரூம்ல இருந்ததால அட்ரஸ்ல கூடுதல் விவரம் எழுதுற Adresszusatz கட்டத்துல, இன்னார் வீட்ல இருக்கேன்னு அர்த்தம் வர்ற c/o போட்டு என் கடைசிப் பேர எழுத வச்சேன், அன்னைக்கு ராத்திரியே ஒரு காகிதத்துல அவன் பேரயும் எழுதி டேப் போட்டு என் பேருக்கு கீழ ஒட்டுனோம்.